கூண்டா, பெட்டியா, எத்தனை லோரி? பாலம் கடந்து வரும் பாகத்துக்குக் கான்பான் அட்டைக் கணக்கு

பாயான் லெப்பாஸில் ரூட்டர் பூட்டும் லைன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கு வேண்டிய பிளாஸ்டிக் மேல்மூடி, பிறையில் இருக்கும் மோல்டிங் ஆலையிலிருந்து பினாங்குப் பாலம் கடந்து வருகிறது. லைன் காலை 7 முதல் இரவு 11 வரை இரண்டு ஷிப்ட் ஓடுகிறது. இடைவேளை போக 15 மணி நேர ஓட்டம், நாளுக்கு 1,800 மூடி. அதாவது மணிக்கு 120.

இந்த ஒரு பாகத்துக்குக் கான்பான் சுழற்சி அமைக்க மூன்று யோசனைகள் மேசையில் இருக்கின்றன. கான்பான் என்றால் ஒவ்வொரு கொள்கலத்தோடும் ஒரு அட்டை; அந்த அட்டை சப்ளையரிடம் போவதுதான் ஆர்டர், நிறைந்த கொள்கலத்தோடு அது திரும்பும். முதலாவது, 450 மூடி கொள்ளும் கம்பிக் கூண்டு, நாளுக்கு ஒரு லோரி. இரண்டாவது, 120 மூடி கொள்ளும் பிளாஸ்டிக் பெட்டி, நாளுக்கு இரண்டு லோரி. மூன்றாவது, 60 மூடி கொள்ளும் அரை உயரப் பெட்டி, நாளுக்கு நான்கு லோரி. எதைத் தேர்வது, ஒவ்வொன்றுக்கும் எத்தனை அட்டை அச்சடிப்பது என்பதுதான் கேள்வி.

எல்லாரும் அறிந்த சூத்திரம், அதில் ஒரு திருத்தம்

அட்டை எண்ணிக்கைக்கான சூத்திரம் பழையது. 1977இல் டொயோட்டா பொறியாளர்கள் நால்வர் எழுதிய கட்டுரையிலேயே இருக்கிறது. நாள் தேவையை, அட்டை போய்த் திரும்பும் காலமான லீட் டைமால் பெருக்கி, அதன் மேல் கொஞ்சம் பாதுகாப்பு சேர்த்து, ஒரு கொள்கலத்தின் அளவால் வகுக்க வேண்டும். அந்தப் பாதுகாப்புப் பங்கு 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, கொள்கலத்தின் அளவும் நாள் தேவையில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று அதே கட்டுரை சொல்கிறது. நம் மூன்று யோசனைகளில் கூண்டு 25 விழுக்காடு. ஆக, அது தொடக்கத்திலேயே விதியை மீறுகிறது. ஆனாலும் மீறினால் என்ன ஆகும் என்று எண்களில் பார்க்காமல் தள்ளிவிட வேண்டாம்.

பாதுகாப்பை விழுக்காட்டில் வைப்பதில்தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது. எல்லா யோசனைக்கும் 10 விழுக்காடு போட்டுப் பாருங்கள். கூண்டு யோசனையில் லீட் டைம் இரண்டு நாள், அதன் தேவை 3,600 மூடி. பத்தில் ஒரு பங்கு 360. லைனுக்கு அது 3 மணி நேரத் தீனி. நான்கு லோரி யோசனையில் லீட் டைம் முக்கால் நாள், தேவை 1,350. பத்தில் ஒரு பங்கு 135, அதாவது 1 மணி 7 நிமிடம். ஒரே விழுக்காடுதான், ஆனால் ஒன்று 3 மணி நேரத் தாமதத்தைத் தாங்குகிறது, மற்றது ஒரு மணி நேரத்தில் கையை விரிக்கிறது. பாலத்தில் விபத்து நடந்து நெரிசல் கட்டினால், நாளுக்கு ஒரு முறை வரும் லோரியும் நான்கு முறை வரும் லோரியும் அதே நேரம்தான் நிற்கும். லீட் டைமைச் சுருக்கிவிட்டோம் என்பதற்காக நெரிசல் சுருங்குவதில்லை.

ஆகவே பாதுகாப்பை இரண்டாகப் பிரிக்க வேண்டும். தேவை ஏறி இறங்குவது, கீறல் விழுந்து ஒதுக்கப்படுவது போன்றவை லீட் டைமோடு சேர்ந்து வளர்பவை; அவற்றுக்கு விழுக்காடு சரி. லோரித் தாமதம் தனி. அதை நேரமாகவே சேர்க்க வேண்டும்.

```
N = (D × L × (1 + a) + R × T) / C
```

D என்பது ஒரு வேலை நாளின் தேவை, L என்பது வேலை நாட்களில் லீட் டைம், a என்பது ஏற்ற இறக்கத்துக்கான பங்கு, R என்பது லைன் மணிக்குத் தின்னும் அளவு, T என்பது தாங்க வேண்டிய தாமதம் மணியில், C என்பது கொள்கலத்தின் அளவு. கிடைக்கும் N பின்னமாக வந்தால் மேல் முழு எண்ணுக்கு ஏற்ற வேண்டும்.

நம் கணக்குக்கு a 5 விழுக்காடு, T 3 மணி என்று வைக்கிறோம். T எங்கிருந்து வருகிறது? ஆலை வாசலில் காவலாளி எழுதும் வருகைப் பதிவிலிருந்து. கடைசி 60 பயணங்களில் குறித்த நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரியதிலிருந்து வரிசையாக எழுதுங்கள். முதலில் நிற்கும் அந்த ஒரு பயங்கர நாளை எடுக்காதீர்கள். அதற்காகச் சரக்கை ஆண்டு முழுக்கக் கட்டிவைப்பது வீண். அந்த நாளில் பத்து காவானிலிருந்து பத்து மாவோங்குக்குப் போகும் இரண்டாம் பாலத்தைச் சுற்றி வரச் சொல்லி ஓட்டுநருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். வரிசையில் மூன்றாவதாக நிற்கும் எண்ணை எடுத்தால் பெரும்பாலும் பொருந்தும்.

லீட் டைமை யார் சொல்வது?

சூத்திரத்தில் அதிகம் பொய் சொல்லும் எழுத்து L. "எப்போது கேட்டாலும் ஒரே நாளில் அனுப்பிவிடுவோம்" என்று சப்ளையர் சொல்வதை அப்படியே L என்று போட்டால் அட்டை குறைந்துபோகும். அட்டையைப் பொறுத்தவரை லீட் டைம் என்பது, லைனில் ஒரு கொள்கலத்திலிருந்து முதல் மூடியை எடுத்து அட்டையை உண்டியலில் போட்ட நொடியிலிருந்து, அதே அட்டை நிறைந்த கொள்கலத்தோடு ரேக்குக்குத் திரும்பும் நொடி வரை. உண்டியலில் லோரிக்காகக் காத்துக் கிடக்கும் நேரமும் அதில் சேரும். சப்ளையர் சொல்லும் கணக்கில் அந்தக் காத்திருப்பு இருக்காது.

இதை அளப்பதற்கு டொயோட்டா தன் சப்ளையர் அட்டைகளில் அச்சிடும் மூன்று எண்கள் நல்ல குறுக்குவழி. 1-4-2 என்றால், ஒரு நாளில் நான்கு லோரி, இந்த லோரி கொண்டுபோகும் அட்டை இதற்குப் பின் வரும் இரண்டாவது லோரியில் நிறைந்து திரும்பும் என்று பொருள். அட்டை மிக மோசமாக ஒரு முழு இடைவெளி உண்டியலில் காத்திருக்கலாம். அதன்பின் இரண்டு இடைவெளி பயணத்தில். ஆக மூன்று இடைவெளி, ஒவ்வொன்றும் கால் நாள். L முக்கால் நாள்.

```
L = a × (c + 1) / b
```

இங்கே a, b, c என்பவை அட்டையில் உள்ள மூன்று எண்கள். முந்தைய சூத்திரத்தின் a வேறு. கூண்டு யோசனை 1-1-1: இன்று கொண்டுபோன அட்டை நாளை திரும்பும், L இரண்டு நாள். இரண்டு லோரி யோசனை 1-2-1: L ஒரு நாள். நான்கு லோரி 1-4-2. இடைவெளி 3 மணி 45 நிமிடம்தான் என்பதால் பாலம் கடப்பது, அட்டையைப் பிரிப்பது, பெட்டி அடுக்குவது எல்லாம் ஒரே இடைவெளிக்குள் அடங்காது. அதனால்தான் கடைசி எண் 2.

இங்கே அடிக்கடி நேரும் ஒரு பிழை. யாரோ கடிகாரத்தைப் பார்த்து, "இன்று காலை 10 மணிக்கு உண்டியலில் விழுந்த அட்டை நாளைக் காலை 10க்குத் திரும்பியது, 24 மணி" என்று எழுதுவார். வேறொருவர் அதை 15 மணி வேலை நாளால் வகுத்து 1.6 நாள் என்பார். அட்டை தூங்கிய இரவில் லைனும் தூங்கியது என்பதை இருவரும் மறந்துவிட்டார்கள். இரண்டு லோரி யோசனையில் 19 அட்டை வேண்டிய இடத்தில் கணக்கு 28.2 என்று காட்டி, 29 அச்சாகும். 1,200 மூடி காரணமின்றி ரேக்கில் படுத்திருக்கும். எதுவும் தட்டுப்படாததால் யாரும் கேள்வியும் கேட்க மாட்டார்கள். D எந்த நாளில் அளக்கப்பட்டதோ, L அதே நாளில் அளக்கப்பட வேண்டும்.

மூன்றையும் போட்டுப் பார்த்தால்

கூண்டு: 3,600 தேவை, 180 ஏற்ற இறக்கம், 360 தாமதம். மொத்தம் 4,140, 450ஆல் வகுத்தால் 9.2, அட்டை 10. இரண்டு லோரி: 1,800, 90, 360, மொத்தம் 2,250, 120ஆல் வகுத்தால் 18.75; அட்டை 19. நான்கு லோரி: 1,350, 67.5, 360, மொத்தம் 1,777.5, 60ஆல் வகுத்தால் 29.6, அட்டை 30.

| | கூண்டு, ஒரு லோரி | பெட்டி, இரண்டு லோரி | அரைப் பெட்டி, நான்கு லோரி |
|---|---|---|---|
| கொள்ளளவு | 450 | 120 | 60 |
| சுழற்சி | 1-1-1 | 1-2-1 | 1-4-2 |
| லீட் டைம் (வேலை நாள்) | 2 | 1 | 0.75 |
| அட்டை | 10 | 19 | 30 |
| அட்டைகள் தாங்கும் மொத்த மூடி | 4,500 | 2,280 | 1,800 |
| லோரி வரும் முன் மீதம் | 2 கூண்டு | 4 பெட்டி | 7 அல்லது 8 பெட்டி |

அட்டை எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் கூண்டுதான் எளிது போலத் தோன்றும். 10 அட்டையை யார் வேண்டுமானாலும் எண்ணிவிடலாம். பார்க்க வேண்டியது கீழ் வரிகள்.

கூண்டில் 9.2 என்பது 10 ஆகும்போது 360 மூடி சும்மா சேர்ந்துகொள்கிறது. நாம் பாலத்துக்காகக் கணக்குப் போட்டு ஒதுக்கிய அதே 360 அளவு, முழு எண்ணாக்குவதால் மட்டும் இன்னொரு முறை வருகிறது. "அப்படியென்றால் 9 போதுமே" என்று குறைத்தால் பாதுகாப்பு 3 மணியிலிருந்து 2 மணி 15 நிமிடமாகச் சரியும். கூண்டு உலகத்தில் நடுவில் நிற்க இடமே இல்லை. பெட்டியில் முழு எண்ணாக்குவதால் வரும் மிகை 30 மூடி, அரைப் பெட்டியில் 22 அல்லது 23. தேவை மாறும்போதும் இதே கதை. ஆர்டர் 20 விழுக்காடு கூடி நாளுக்கு 2,160 ஆனால், கூண்டுக் கணக்கு 11.04 என்று வரும். அந்த .04க்கு ஒரு கூண்டு சேர்ப்பதா என்று ஒரு கூட்டமே நடக்கும். சூத்திரப்படி 12 அட்டை, அதாவது கூடுதல் 900 மூடி. பெட்டிக்கு 22.5, அட்டை 23, கூடுதல் 480 மூடி.

அட்டையைக் கழற்றும் நேரம்

மேலே எல்லாக் கணக்கும் ஒரு விதியை நம்பி நிற்கிறது: கொள்கலத்திலிருந்து முதல் மூடியை எடுக்கும்போதே அட்டையைக் கழற்றி உண்டியலில் போட வேண்டும். லைனில் உள்ளவர்களுக்கு இது இயல்பாக வராது. காலியான பின்பே அட்டையைக் கழற்றுவதுதான் கைப்பழக்கம், "இன்னும் பொருள் இருக்கிறதே, ஏன் இப்போதே ஆர்டர் போட வேண்டும்?" என்பார்கள்.

காலியானபின் கழற்றினால், திறந்திருக்கும் கொள்கலம் முழுவதும் யாருக்கும் தெரியாத சரக்காகிவிடுகிறது. அந்த அளவுக்கு ஆர்டர் தாமதமாகப் போகும். கூண்டில் அது 450 மூடி, 3 மணி 45 நிமிடம். பாலத்துக்காக வைத்த 3 மணிப் பாதுகாப்பை அது ஒன்றே விழுங்கிவிடும். பெட்டியில் ஒரு மணி, அரைப் பெட்டியில் அரை மணி. அந்தப் பழக்கத்தை மாற்ற முடியாது என்று தெரிந்தால் பிடிவாதம் வேண்டாம், ஒரு அட்டை கூட்டிவிடுங்கள். ஆனால் எந்த விதி நடப்பில் இருக்கிறதோ அதை அட்டையின் மேல் அச்சிடுங்கள். காலை ஷிப்ட் ஒரு விதி, மாலை ஷிப்ட் ஒரு விதி என்று நடந்தால் எண்ணிக்கை சரியா தவறா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

மூடி இரண்டு மேசைகளில் பூட்டப்படுகிறது, ஒவ்வொரு மேசையிலும் ஒரு கொள்கலம் திறந்திருக்கிறது என்றால், காலியானபின் கழற்றும் வழக்கத்தில் இரண்டு அட்டை கூட்ட வேண்டும்.

நான்கு லோரி ஏன் நினைத்த அளவு லாபம் தருவதில்லை

ஒரு லோரியிலிருந்து இரண்டுக்கு வந்தால் மொத்தச் சரக்கு 4,500லிருந்து 2,280க்கு இறங்குகிறது. இரண்டிலிருந்து நான்குக்குப் போனால் 1,800 மட்டுமே. இரண்டு கூடுதல் பாலப் பயணங்களுக்குக் கிடைப்பது 480 மூடி, நான்கு பெட்டி. லோரி வரும் முன் ரேக்கில் நிற்கும் மீதமோ கிட்டத்தட்ட அதேதான்: 480 எதிராக 450. காரணம், மீதத்தில் பெரும்பங்கு பாலத்துக்கான அந்த 360. லோரி எத்தனை முறை ஓடினாலும் அது கரையாது.

இதில் நேர அட்டவணை செய்யும் குழப்பம் வேறு. நான்கு லோரி என்று சொல்லிவிட்டு, மாலை ஷிப்டில் ஓட்டுநர் கிடைக்காததால் காலை 8, 10.30, மதியம் 1, 3.30 என்று பகலிலேயே நெருக்கிவிடுவார்கள். சூத்திரம் இடைவெளிகள் சமம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. உண்மையில் மாலை 3.30க்கும் மறுநாள் காலை 8க்கும் நடுவே லைன் எட்டரை மணி நேரம் கடக்கிறது. அட்டை தொடர்ந்து மூன்று இடைவெளி சுற்ற வேண்டும். மோசமான மூன்றைக் கூட்டினால் ஒரு முழு நாளிலிருந்து ஒரே ஒரு குறுகிய இடைவெளிதான் குறையும். L 0.75 அல்ல, சுமார் 0.84. கணக்கு 32.6 ஆகி அட்டை 33. 30 அட்டையோடு ஓட்டினால் காலைப் பொழுதில் மட்டும் தட்டுப்பாடு வரும். மதியத்தில் யார் ரேக்கைப் பார்த்தாலும் பெட்டி நிறைய இருக்கும்; "காலையில் இல்லை" என்று சொல்பவரை நம்ப மாட்டார்கள்.

இரண்டு லோரிக்கு இந்தத் தொல்லை இல்லை என்பது ஓர் இனிய ஆச்சரியம். 1-2-1இல் அட்டை இரண்டு இடைவெளி சுற்றுகிறது; ஒரு நாளில் இருப்பதே இரண்டு இடைவெளிதான். அவை சமமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூட்டினால் ஒரு நாள். அதனால் லோரியைப் பாலத்தின் காலை, மாலை நெரிசலைத் தவிர்த்து 10 மணிக்கும் 3 மணிக்கும் வைக்கலாம். 19 அட்டை அப்படியே செல்லும். மாறுவது லோரியின் சுமை மட்டும். காலை 10க்குப் போகும் லோரி 10 அல்லது 11 அட்டை கொண்டுபோகும். 3 மணி லோரி 4 அல்லது 5. ஆகவே 3 மணிக்கு வரும் லோரிதான் கனமாக இருக்கும். அது இறக்கியபின் ரேக்கில் 15 பெட்டி வரை நிற்கும்.

ரேக்குக்கு 15 இடம் போதும் என்று அதிலிருந்து முடிவு செய்துவிடக் கூடாது. லைன் பழுதாகி அரை நாள் நின்றால், ஏற்கெனவே போன அட்டைகள் எல்லாம் பெட்டியோடு திரும்பும். 19ம் ஒரே இடத்தில் கூடும் நாள் வரும். 60க்கு 40 சென்டிமீட்டர் பெட்டி என்றால் நான்கு சரிவுத் தடம், தடத்துக்கு ஐந்து பெட்டி, மொத்தம் 20 இடம். இடமில்லாமல் பெட்டி தரையில் இறங்கினால் அன்றே முதலில் வந்தது முதலில் போகும் வரிசை கெடும். இதே கேள்வியைக் கூண்டுக்குக் கேட்டால், ஒன்றுக்கு 0.8 சதுர மீட்டர் என்று வைத்து, 10 கூண்டுக்கு 8 சதுர மீட்டரும், பேலட் தள்ளுவண்டி திரும்பும் இடமும் வேண்டும்.

மூடி வெளியே தெரியும் பாகம் என்பதால் கூண்டுக்கு இன்னொரு குறையும் உண்டு. அடுக்குகளுக்கு நடுவே நுரைத் தாள் வைத்தாலும் அடி வரிசையில் கீறல் விழும். அது தெரிய வருவது 400 மூடி பூட்டிய பிறகு. பெட்டி ஒன்று சுமார் 13 கிலோ, ஒருவர் தூக்கலாம். கெட்ட பெட்டி வந்தாலும் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

எங்கள் தேர்வு, ஆகவே, 120 பெட்டி, இரண்டு லோரி, 19 அட்டை. நான்கு லோரி நியாயமாவது ஒரே ஒரு சூழலில்: அந்த லோரி பிறையில் வேறு இரண்டு மூன்று சப்ளையர்களிடமும் சரக்கு ஏற்றிக்கொண்டு வருகிறது, மூடி மட்டும் அதன் சுமை அல்ல என்றால். அப்போது பயணச் செலவு பலரால் பகிரப்படும். 480 மூடி இலவசமாகக் குறைந்தால் வேண்டாம் என்று யார் சொல்வார்?

தேர்வைக் கவிழ்க்கக்கூடிய ஒரு எண்

1-2-1இல் கடைசி 1ஐச் சரிபார்க்காமல் 19 அட்டையை அச்சுக்கு அனுப்பாதீர்கள். அட்டை வந்த அடுத்த லோரியிலேயே நிறைந்த பெட்டி போக வேண்டுமானால் மோல்டிங் ஆலையில் முடிந்த மூடிகள் ஸ்டோரில் தயாராக நிற்க வேண்டும். அட்டையைப் பார்த்தபின்தான் அச்சை ஏற்றி மூடி அடிப்பார்கள் என்றால் அந்த 1 வெறும் ஆசை. அச்சு மாற்றம், முதல் துண்டுச் சோதனை, முன்னால் வரிசையில் நிற்கும் வேறு பாகங்கள் எல்லாம் சேர்ந்து அது 2 ஆகிவிடும். 1-2-2 என்றால் L ஒன்றரை நாள், 2,700 தேவை, 135, 360, மொத்தம் 3,195, 26.6, அட்டை 27. எட்டு அட்டை வித்தியாசம் ஒரே எண்ணில்.

சரிபார்க்கும் வழி எளிது. ஒரு வாரத்துக்கு, லோரி ஒவ்வொரு முறை அட்டை கொண்டுபோகும்போதும் அட்டையின் வரிசை எண்ணை எழுதிவையுங்கள். திரும்பும்போது எந்த லோரியில் வந்தது என்று குறியுங்கள். பத்தில் ஒன்று அடுத்த லோரியைத் தவறவிட்டாலும் சப்ளையர் ஸ்டோரில் எதுவோ காய்கிறது. அதற்கு உங்கள் பக்கம் அட்டை கூட்டுவது தவறான மருந்து. கூடுதல் அட்டை அவர்கள் ஸ்டோரை இன்னும் வேகமாகக் காலியாக்கும், அவ்வளவுதான். அவர்களுடைய உற்பத்திச் சுழற்சிக்குத் தனி அட்டைக் கணக்கு வேண்டும்.

சப்ளையர் பிறையில் இல்லாமல் கூலிமில் இருந்தால் நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். அது கெடா. ஹரி ராயா ஹாஜியின் இரண்டாம் நாள் கெடாவில் பொது விடுமுறை, பினாங்கில் இல்லை. லைன் ஓடி, சப்ளையர் மூடியிருக்கும் அந்த ஒரு நாளுக்கு 1,800 மூடி, 15 பெட்டி முன்கூட்டியே வர வேண்டும். இதற்காக நிரந்தர அட்டையைக் கூட்டாதீர்கள். வேறு நிறத்தில் 15 தற்காலிக அட்டை, காலாவதித் தேதி அச்சிட்டு, விடுமுறைக்கு முந்தைய இரண்டு மூன்று லோரிகளில் பிரித்து அனுப்புங்கள். அந்தப் பெட்டிகளைத் திறக்கும்போது அட்டை உண்டியலுக்குப் போகாமல் மேற்பார்வையாளர் கைக்குப் போக வேண்டும். தேதி இல்லாத தற்காலிக அட்டை அடுத்த ஆண்டும் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஓடத் தொடங்கியபின் எதைப் பார்ப்பது

கணக்கு 19 என்றாலும் 21 அட்டையோடு தொடங்குங்கள். லோரி வந்து நிற்கும் நொடியில், இறக்குவதற்கு முன், ரேக்கில் திறக்காத முழுப் பெட்டி எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். 19 அட்டையில் லோரி நேரத்துக்கு வந்தால் 4 இருக்க வேண்டும். 3 மணி தாமதித்தால் 1. 21 அட்டையில் இரண்டு கூடுதலாக இருக்கும். 20 பயணங்களில் மிகக் குறைந்த எண் 3க்குக் கீழ் போகவில்லை என்றால் ஒரு அட்டையை எடுங்கள், மறுபடி 20 பயணம் பாருங்கள். சராசரியைப் பார்க்க வேண்டாம். சராசரி எப்போதும் நன்றாகவே இருக்கும்.

எண் 0ஐத் தொட்டால் உடனே அட்டை கூட்டத் தோன்றும். முதலில் அட்டைகளை எண்ணுங்கள். உண்டியலில், லோரியில், சப்ளையரிடம், பெட்டிகளின் மேல் இருப்பவை கூடி 19 வர வேண்டும். 18தான் வருகிறது என்றால், ஒரு அட்டை யாருடைய சட்டைப் பையிலோ சலவைக்குப் போயிருக்கிறது. ஒவ்வொரு அட்டையிலும் 7/19 என்பதுபோல் எண் இருந்தால் எது காணோம் என்று ஐந்து நிமிடத்தில் தெரியும். அட்டை சரியாக இருந்தால் அடுத்து பெட்டிக்குள் எண்ணுங்கள். மோல்டிங்கில் ஷிப்ட் முடிவில் மிஞ்சிய 96ஐப் போட்டு, 120க்கான அட்டையை ஒட்டி அனுப்பும் வழக்கம் இருந்தால், ஒவ்வொரு அரைகுறைப் பெட்டியும் 12 நிமிடத் தீனியைக் களவாடுகிறது. அரைகுறைப் பெட்டி அனுப்பக் கூடாது. அடுத்த ஓட்டத்தில் நிரம்பும்வரை அது அவர்கள் ஸ்டோரில் நிற்கட்டும்.

இரண்டும் சரியாக இருந்து, வாசல் பதிவில் 3 மணியைத் தாண்டிய தாமதங்களும் இல்லையென்றால், மிச்சம் D மட்டும்தான். 1,800 என்பது மாதச் சராசரியா, லைன் உண்மையில் ஓடும் நாளின் வேகமா என்று திட்டப் பிரிவைக் கேளுங்கள். இந்த மூடி வாரத்தில் நான்கு நாள் மட்டும் பூட்டப்பட்டு, ஐந்து நாளுக்குச் சராசரி எடுக்கப்பட்டிருந்தால், ஓடும் நாளின் D 2,250, மணிக்கு 150. 2,250, 112.5, 450, மொத்தம் 2,812.5, அட்டை 24.